ஆணுறுப்பில் பிஆர்பி ஊசி, ஸ்டெம் செல் ஊசி: முன்பணம் கட்டலாமா?

செந்தில்_ஈரோடு

தெரிந்தவர்களிடம் கேட்க முடியாத விஷயம், அதனால் இங்கே நேராகவே கேட்கிறேன். வயது 46. சர்க்கரை இருக்கிறது, கடைசியாகப் பார்த்த மூன்று மாத சராசரி 9.1. கொஞ்ச காலமாக விறைப்பு வருகிறது, ஆனால் நிற்பதில்லை, பாதியிலேயே தளர்ந்துவிடுகிறது. எங்கள் குடும்ப டாக்டர் சில்டெனாஃபில் 50 எழுதிக் கொடுத்தார், பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. மனைவிக்கும் எல்லாம் தெரியும், அவள்தான் போய்க் காட்டிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினாள்.

விளம்பரம் பார்த்து ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். பரிசோதனை என்று பெரிதாக எதுவும் செய்யவில்லை. கையில் ரத்தம் எடுத்து, மெஷினில் சுற்றி, பிளேட்லெட் நிறைந்த பகுதியைப் பிரித்து ஆணுறுப்பில் ஊசியாகப் போடுவார்களாம், அதற்குப் பெயர் பிஆர்பி. மூன்று தடவை, 1,20,000 ரூபாய். ‘சர்க்கரை அதிகம் இருப்பதால் ஸ்டெம் செல்லே போட்டுக்கொள்ளுங்கள்’ என்று வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுக்கும் இன்னொரு பேக்கேஜும் சொன்னார்கள், அது 4 லட்சம். கையில் கொடுத்த தாளில் ‘அமெரிக்க எஃப்டிஏ அங்கீகாரம்’, ‘85 சதவீத வெற்றி’, ‘உங்கள் சொந்த ரத்தம், பக்கவிளைவு இல்லை’ என்று போட்டிருக்கிறது. இந்த வாரமே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். கட்டலாமா? போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

முத்துவேல்

நண்பரே, பிஆர்பி ஒன்றும் ஏமாற்று வேலை இல்லை. என் அம்மாவுக்கு முழங்காலில் போட்டோம், மாடிப்படி ஏற முடியாமல் இருந்தவர் இப்போது ஏறுகிறார். என் மச்சானுக்குத் தலைமுடிக்குப் போட்டார்கள். நம் உடம்பில் எங்கே காயம் பட்டாலும் பிளேட்லெட்தான் ஓடிப்போய் ஆற்றுகிறது, அதையே எடுத்துப் பழுதான இடத்தில் போடுகிறார்கள், அவ்வளவுதான். சொந்த ரத்தம் என்பதால் ஒவ்வாமை வராது. விலைதான் அதிகமாகத் தெரிகிறது, பேசிப் பார்த்தால் குறைப்பார்கள்.

கணேஷ்_ஷார்ஜா

நான் போட்டிருக்கிறேன், நூறு சதவீதம் வேலை செய்தது! யூராலஜிஸ்ட் பக்கவாட்டில் ஒரு சின்ன ஊசி போட்டார், பத்து நிமிடத்துக்குள் முழு விறைப்பு, முக்கால் மணி நேரம் நின்றது. அப்புறம் வீட்டிலேயே நானே போட்டுக்கொள்ளக் கற்றுக் கொடுத்தார். மாத்திரை கைவிட்ட ஆள் நான். தைரியமாகப் போங்கள். ஆனால் எனக்கு 1,20,000 எல்லாம் ஆகவில்லையே?

ரேவதி_ஆய்வகம்

கணேஷ் சார், நீங்கள் போட்டது பிஆர்பி இல்லை. அது ரத்தக்குழாயை விரிக்கும் மருந்து, அல்ப்ரோஸ்டடில் அல்லது இரண்டு மூன்று மருந்து கலந்த ஊசி. பல காலமாகப் புழக்கத்தில் இருக்கும், நன்றாகச் சோதிக்கப்பட்ட வைத்தியம். தேவைப்படும்போது போட்டால் அன்றைக்கு மட்டும் வேலை செய்யும். செந்தில் கேட்பது வேறு ஊசி. இரண்டையும் குழப்பிக்கொள்வது சாதாரணமாக நடப்பதுதான், ஆனால் இங்கே அந்தக் குழப்பத்துக்குப் பணமும் போகும். ஸ்கேன் பார்க்கும்போது சோதனைக்காகவே இந்த விரிக்கும் மருந்தைப் போடுவது வழக்கம். அதே வரவில் பிஆர்பியும் போட்டுவிட்டால், எழுந்து நின்றது எதனால் என்று நோயாளிக்குத் தெரியாது. பிஆர்பி போட்ட அன்றைக்கே பலன் கண்டேன் என்று யாராவது சொன்னால், அன்று வேறு என்ன போட்டார்கள் என்று கேளுங்கள்.

ஒரு மருத்துவமனையின் யூராலஜி பிரிவில் மருந்து ஆய்வுகளை ஒருங்கிணைக்கும் வேலையில் இருந்தேன், அதனால் இந்தத் தாள்களை எப்படிப் படிப்பது என்று ஓரளவு தெரியும். நான் டாக்டர் இல்லை.

செந்தில், உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். பிஆர்பியை ஆண்மைக் கோளாறுக்குப் போட்டுப் பார்த்த ஆய்வுகள் நிறைய இருக்கின்றன. ஆனால் பெரும்பாலானவற்றில் எல்லாருக்கும் பிஆர்பியே போட்டு, ‘முன்னைவிட இப்போது எப்படி இருக்கிறது’ என்று கேட்டிருப்பார்கள். அதில் எழுபது, எண்பது சதவீதம் என்று எந்த எண் வேண்டுமானாலும் வரும். உங்கள் தாளில் இருக்கும் 85 எங்கிருந்து வந்தது என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு பிஆர்பி, பாதிப் பேருக்கு வெறும் சலைன், யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாமல் போட்டுப் பார்த்தவைதான் எடைக்கு வரும். அப்படிப்பட்டவற்றில் எல்லாரும் முதலில் எடுத்துப் பேசுவது இரண்டு. கிரீஸில் தெசலோனிகியில் நடந்து 2021இல் வெளிவந்தது ஒன்று, அமெரிக்காவில் மியாமி பல்கலைக்கழகத்தில் நடந்து 2023இல் வெளிவந்தது இன்னொன்று. ஒன்றில் பிஆர்பி தெளிவாக ஜெயித்தது, இன்னொன்றில் சலைனோடு சமமாக நின்றது. கிளினிக்காரர்கள் முதலாவதை மட்டும் காட்டுவார்கள்.

கதிர்_எலும்பு

ரேவதி மேடம், நான் எலும்பு மருத்துவன், முழங்காலுக்கு பிஆர்பி தினமும் போடுகிறேன். நீங்கள் சொல்வது சரிதான், ஆனால் கிரீஸ் ஆய்வை ஒரே வரியில் தாண்டிப் போவது நியாயமில்லை. அது நன்றாக நடத்தப்பட்ட ஆய்வு. 60 பேர், மாதம் ஒன்று வீதம் இரண்டு ஊசி, ஒவ்வொரு தடவையும் 10 மில்லி. ஆறு மாதத்தில் பிஆர்பி போட்டவர்களில் 69 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம், சலைன் போட்டவர்களில் 27 சதவீதம் பேருக்கு மட்டும். இது சின்ன வித்தியாசம் இல்லை. மியாமியில் போட்டது 5 மில்லி, பாதி அளவு. பாதி மருந்து கொடுத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

ரேவதி_ஆய்வகம்

தாண்டிப் போகவில்லை டாக்டர், விரித்துச் சொல்லத்தான் வந்தேன். இரண்டு ஆய்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

இரண்டிலும் அளவுகோல் ஒன்றுதான். ஆறு கேள்விகள் உள்ள ஒரு படிவம். கடந்த நான்கு வாரத்தில் எத்தனை தடவை விறைப்பு வந்தது, உடலுறவு முடியும்வரை நின்றதா, எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்கிற மாதிரி. மொத்தம் 30 மதிப்பெண், 26 எடுத்தால் கோளாறு இல்லை என்று கணக்கு. மியாமியில் பிஆர்பி குழுவின் சராசரி 17.4இல் தொடங்கி 21க்கு ஏறியது. நல்ல ஏற்றம், இல்லையா? ஒரு கிளினிக் இதை மட்டும் விளம்பரத்தில் போட்டால் யாரும் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் சலைன் போட்டவர்கள் 18.6இல் தொடங்கி 21.6க்கு ஏறினார்கள். குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் என்று பார்த்தால், பிஆர்பியில் 58.3 சதவீதம், சலைனில் 53.6 சதவீதம். உப்புத் தண்ணீர் போட்டுக்கொண்ட ஆண்களில் பாதிக்கு மேல் ‘எனக்குச் சரியாகிவிட்டது’ என்கிற பக்கம் போயிருக்கிறார்கள்.

இப்போது கிரீஸைப் பாருங்கள். அங்கே சலைனில் 27 சதவீதம்தான் தேறினார்கள். அதாவது பிஆர்பி போட்டவர்களிடம் இரண்டு ஆய்வுக்கும் அவ்வளவு தூர வித்தியாசம் இல்லை, 69க்கும் 58க்கும் உள்ள இடைவெளிதான். பெரிய வித்தியாசம் சலைன் பக்கம் இருக்கிறது. ஒரே உப்புத் தண்ணீர் ஓர் ஊரில் 27, இன்னோர் ஊரில் 54 என்றால், ஒவ்வொரு குழுவிலும் சுமார் முப்பது பேர் இருக்கும் ஆய்வில் நாம் பார்ப்பது மருந்தின் பலனா, ஆட்கள் அமைந்த விதமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நான் இதைத்தான் சொல்கிறேன். பிஆர்பி வேலை செய்யாது என்று சொல்லவில்லை.

முத்துவேல்

அப்படியானால் எல்லாம் மனசுதான் என்கிறீர்களா? சலைனுக்கே பாதிப் பேர் தேறினார்கள் என்றால் நல்லதுதானே. எதனால் தேறினால் என்ன, செந்திலுக்குத் தேறினால் சரி.

ரேவதி_ஆய்வகம்

மனசு மட்டும் இல்லை முத்துவேல். யார் எப்போது இப்படிப்பட்ட ஆய்வில் சேருகிறார்கள் என்று யோசியுங்கள். நிலைமை ரொம்ப மோசமாக இருக்கும் மாதத்தில்தான் ஆள் டாக்டரிடம் போகிறான். ஏற்ற இறக்கம் உள்ள எந்தக் கோளாறும் மோசமான கட்டத்துக்குப் பிறகு கொஞ்சம் தானாகவே மேலே வரும். அப்புறம், ஆய்வில் சேர்ந்த பிறகு மனைவியோடு பேசுகிறார்கள், பழையபடி முயற்சி செய்கிறார்கள், முயற்சி கூடினால் மதிப்பெண்ணும் கூடும். படிவமும் நுட்பமானது. லேசான கோளாறு உள்ளவருக்கு 2 மதிப்பெண் கூடினாலே முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதாவது இரண்டு கேள்விகளில் ‘சில நேரம்’ என்பதை ‘பல நேரம்’ என்று மாற்றிக் குறித்தால் போதும். ரத்தக்குழாயில் எதுவுமே மாறாமல் இது நடக்கலாம்.

எதனால் தேறினால் என்ன என்று கேட்டீர்கள். 1,20,000 ரூபாய், அதுதான் என்ன. இன்னொன்றும் இருக்கிறது. செந்திலின் சர்க்கரை 9.1. இந்த மூன்று ஊசியின் பின்னால் போனால் சர்க்கரையையும் இதயத்தையும் யாரும் பார்க்கப்போவதில்லை. ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக்குழாய் மிகச் சின்னது. இதயக் குழாயில் அடைப்பு தெரிய வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இங்கே தெரிந்துவிடுவது உண்டு. 46 வயது, சர்க்கரை, விறைப்பு நிற்கவில்லை என்று வந்தவரை இரத்த அழுத்தமும் கொழுப்பும் பார்க்காமல் பேக்கேஜ் விலை சொல்லி அனுப்பியதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

கதிர்_எலும்பு

அந்தக் கடைசிப் பத்தியில் எனக்கும் உடன்பாடு. ஆனால் முதல் விஷயத்தில் நான் விடமாட்டேன். சலைன் ஊசியே உண்மையில் சும்மா இல்லை என்றும் வாதிடலாம். அந்தத் திசுவுக்குள் ஊசி நுழைவதே ஒரு சிறு காயம், அதற்கே உடம்பு ஏதாவது பதில் செய்யும். முழங்கால் ஆய்வுகளிலும் சலைன் நன்றாகவே வேலை செய்ததாகக் காட்டி எங்களைத் தலை சுற்ற வைத்திருக்கிறது.

முத்துவேலுக்கு ஒன்று. முழங்காலில் வேலை செய்ததால் இங்கேயும் செய்யும் என்று சொல்ல முடியாது. பிஆர்பி என்பது ஒரே பொருள் இல்லை. எவ்வளவு ரத்தம் எடுத்தார்கள், எந்த வேகத்தில் எத்தனை நிமிடம் சுற்றினார்கள், ஒரு தடவையா இரண்டு தடவையா, வெள்ளை அணுக்களைச் சேர்த்து எடுத்தார்களா விலக்கினார்களா, போடுவதற்கு முன் கால்சியம் கலந்தார்களா, இதில் ஒன்று மாறினாலும் ஊசியில் இருக்கும் பொருள் மாறிவிடும். சாதாரண ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டரில் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் பிளேட்லெட் இருக்கும். பிஆர்பி என்று சொல்ல பத்து லட்சமாவது வேண்டும் என்பது பலரும் ஏற்கும் கணக்கு. சரியாகச் சுற்றாவிட்டால் சிரிஞ்சில் மஞ்சளாக ஏதோ இருக்கும், பிளேட்லெட் ரத்தத்தில் இருந்த அளவுகூட இருக்காது. கண்ணால் பார்த்துத் தெரியாது. பிரித்தெடுத்ததில் ஒரு துளியை எண்ணிப் பார்க்கும் கிளினிக்கை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

செந்தில்_ஈரோடு

எல்லாருக்கும் நன்றி. எஃப்டிஏ அங்கீகாரம் என்று தாளில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறதே, அது பொய்யா? மெஷினோடு வரும் கிட்டின் பெட்டியையே எடுத்துக் காட்டினார்கள், அதில் அப்படி அச்சடித்திருந்தது. அமெரிக்காவில் ஒரு டாக்டர் கண்டுபிடித்து உலகம் முழுக்கச் செய்கிறார்கள் என்றும் சொன்னார்கள்.

ரேவதி_ஆய்வகம்

பெட்டியில் இருப்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அந்த அனுமதி கிட்டுக்கு, சிகிச்சைக்கு இல்லை. அமெரிக்காவில் பிஆர்பி தயாரிக்கும் கருவிகள் பலவற்றுக்கு அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்திருக்கிறது. எதற்கு என்று பார்த்தால், எலும்பு அறுவை சிகிச்சையில் எலும்புத் துகளோடு கலந்து வைப்பதற்கு, துகள் உதிராமல் கையாளச் சுலபமாக இருக்கும் என்பதற்காக. விறைப்புக்கு பிஆர்பி போடலாம் என்று எஃப்டிஏ எங்கேயும் அனுமதி தரவில்லை. ‘எந்த நோய்க்கு அனுமதி, அந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். பெட்டியைத்தான் மறுபடி காட்டுவார்கள்.

அவர்கள் சொன்ன அமெரிக்க டாக்டர் அலபாமாவில் இருக்கும் சார்லஸ் ரன்னல்ஸ். பிஆர்பியை ஆணுறுப்பில் போடுவதற்கு ஒரு வணிகப் பெயர் வைத்து, அதை முத்திரைப் பெயராகப் பதிவும் செய்து உலகம் முழுக்கப் பரப்பியவர். பெயரைப் பதிவு செய்வதும் பலனை நிரூபிப்பதும் வேறு வேறு. அமெரிக்க யூராலஜி சங்கம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டியில் பிஆர்பியைச் சோதனை நிலையில் உள்ளது என்றே எழுதியிருக்கிறது. ஸ்டெம் செல்லையும் ஆய்வு நிலை என்றே வைத்திருக்கிறார்கள். வட அமெரிக்கப் பாலியல் மருத்துவச் சங்கம் இன்னும் ஒரு படி மேலே போய், இதெல்லாம் நெறிமுறைக் குழு ஒப்புதலோடு ஆய்வாகத்தான் நடக்க வேண்டும், ஆய்வின் அடிப்படைச் செலவுக்கு மேல் நோயாளியிடம் வாங்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறது.

‘பக்கவிளைவு இல்லை’ என்பதற்கும் ஒரு வார்த்தை. அந்த இரண்டு ஆய்விலும் பெரிய ஆபத்து எதுவும் வரவில்லை, உண்மைதான். ஆனால் ஆய்வு நடக்கும் இடத்தில் எல்லாம் புது ஊசி, சுத்தமான அறை. அமெரிக்காவில் நியூ மெக்சிகோவில் ஓர் அழகு நிலையத்தில் இதே பிஆர்பியை முகத்துக்குப் போட்டுக்கொண்ட பெண்களுக்கு எச்ஐவி தொற்றியது, அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024இல் அறிக்கையே வெளியிட்டது. சொந்த ரத்தம்தான், ஆனால் குழாயும் ஊசியும் வேறொருவருக்குப் பயன்படுத்தியதா, டியூபில் யார் பெயர் ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ராமநாதன்_திருச்சி

எனக்கு வயது 63, வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். புராஸ்டேட் புற்றுநோய்க்காகச் சென்ற ஆண்டு அறுவை சிகிச்சை ஆனது. புற்று முழுமையாகப் போய்விட்டது, அந்த வகையில் கடவுள் புண்ணியம். ஆனால் அதன் பிறகு விறைப்பு என்பதே இல்லை. சிறுநீர் இப்போது கட்டுப்பாட்டில் இருக்கிறது. மகள் கலிஃபோர்னியாவில் இருக்கிறாள், இந்தக் கோடையில் அங்கே போகிறேன். கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லை என்னைப் போன்றவர்களுக்கே போட்டு டென்மார்க்கில் பாதிப் பேர் குணமானதாக ஒரு கட்டுரையில் படித்தேன். இங்கே பேசுவது எல்லாம் பிஆர்பி பற்றி. ஸ்டெம் செல் அதைவிட உயர்ந்ததுதானே? பணம் ஒரு பிரச்சினை இல்லை.

ரேவதி_ஆய்வகம்

ஐயா, நீங்கள் படித்தது ஓடென்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்து 2016இல் வெளிவந்த ஆய்வாக இருக்க வேண்டும். அதை மதிக்கத்தான் வேண்டும், ஒளிவு மறைவு இல்லாமல் எழுதியிருக்கிறார்கள். 17 பேர், எல்லாரும் புராஸ்டேட் எடுக்கப்பட்டவர்கள். மயக்க மருந்து கொடுத்து வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுத்து, செல்களைப் பிரித்து, அன்றைக்கே ஊசியாகப் போட்டார்கள். ஆறு மாதத்தில் 8 பேருக்கு உடலுறவுக்குப் போதுமான விறைப்பு திரும்பியது. அந்த 8 பேரும் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பியிருந்த 11 பேரில் அடங்கியவர்கள். சிறுநீர் கசிவு இருந்த 6 பேரில் ஒருவருக்குக்கூடப் பலன் இல்லை.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். ஒன்று, நரம்பு ஓரளவு பிழைத்திருந்தவர்களுக்கு ஸ்டெம் செல் உதவியது. மற்றொன்று, நரம்பு பிழைத்திருந்தவர்களுக்கு எப்படியும் திரும்பியிருக்கும். இந்த அறுவைக்குப் பிறகு நரம்பு தேறுவதற்கு இரண்டு ஆண்டுவரைகூட ஆவது உண்டு. அந்த 17 பேரும் அறுவை முடிந்து ஐந்து மாதத்திலிருந்து ஒன்றரை ஆண்டுக்குள் சேர்ந்தவர்கள். சலைன் போட்ட குழு அங்கே இல்லை. அதனால் எந்த விதமாகப் படிப்பது சரி என்று அந்த ஆய்வால் சொல்ல முடியாது. அது முதல் கட்ட ஆய்வு, இந்தச் சிகிச்சை ஆபத்தில்லாததா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. உங்களுக்குச் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பியிருக்கிறது, ஓர் ஆண்டுதான் ஆகிறது. உங்களுக்கு இன்னும் தானாகவே முன்னேற்றம் வரலாம். அந்தச் சமயத்தில் ஸ்டெம் செல் போட்டுக்கொண்டால் பெயர் அதற்குத்தான் போகும்.

கதிர்_எலும்பு

ராமநாதன் ஐயா, பிஆர்பி விஷயத்தில் நான் மேடத்தோடு மல்லுக்கு நிற்பேன், இதில் அவர் பக்கம்தான். ஸ்டெம் செல் உள்ளே போய்ப் புது நரம்பாக, புதுத் தசையாக வளரும் என்று கிளினிக்குகள் படம் போட்டுக் காட்டுகின்றன. எலிகளில் செய்த சோதனைகளில் போட்ட செல்களில் பெரும்பாலானவை சில நாளுக்குள்ளேயே அங்கிருந்து காணாமல் போய்விட்டன. பலன் இருந்தால் அது செல்கள் சுரக்கும் பொருள்களால் இருக்கலாம் என்பது இப்போதைய எண்ணம். அந்த எலிகளும் இளம் எலிகள், நரம்பை இடுக்கியால் நசுக்கி உண்டாக்கிய பாதிப்பு. 63 வயது மனிதரின் கதை வேறு.

கலிஃபோர்னியா என்கிறீர்கள். இப்படி கொழுப்பிலிருந்து செல் பிரித்துப் போடும் ஒரு கிளினிக் குழுமத்தின் மீது எஃப்டிஏ போட்ட வழக்கு அங்கேதான் நடந்தது. முதலில் கிளினிக் ஜெயித்தது, 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாற்றித் தீர்ப்புச் சொன்னது. பிரித்தெடுத்த அந்தச் செல் கலவை மருந்துதான், எஃப்டிஏ அனுமதி வேண்டும் என்று. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டி இன்னும் கடுமை. ரத்தப் புற்று போன்றவற்றுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றும் வழக்கமான சிகிச்சை தவிர, ஒப்புதல் பெற்ற ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல்லை யாருக்குப் போட்டாலும் அது முறைகேடு என்று எழுதியிருக்கிறது. அந்த 4 லட்ச பேக்கேஜை விற்பவருக்கு இது தெரியாமல் இருக்காது.

ஷாஜகான்_மருந்துக்கடை

செந்தில் தம்பி, மாத்திரை எப்படிப் போட்டீர்கள்? சாப்பிட்ட பிறகா, வெறும் வயிற்றிலா? எத்தனை தடவை? எங்கள் கடையில் ‘வேலை செய்யவில்லை’ என்று திரும்பி வருபவர்களில் பாதிப் பேர் பிரியாணி சாப்பிட்டுவிட்டு உடனே போட்டவர்கள். சில்டெனாஃபில் கொழுப்புச் சாப்பாட்டோடு சேர்ந்தால் ஏறுவதற்கு ரொம்ப நேரமாகும். போட்டுவிட்டு டிவி பார்த்துக்கொண்டு இருந்தாலும் எழாது, ஆசையைத் தூண்ட வேண்டும், அப்போதுதான் மருந்து கைகொடுக்கும். நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா? எடுத்தால் இந்த வகை மாத்திரை தொடவே கூடாது, உயிருக்கு ஆபத்து.

செந்தில்_ஈரோடு

அண்ணே, நெஞ்சு மாத்திரை எதுவும் இல்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் போட்டேன், அரை மணி நேரம் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். ஓரிரு தடவைதான்.

ஷாஜகான்_மருந்துக்கடை

அப்படியானால் நீங்கள் இன்னும் மாத்திரையைச் சரியாகப் போட்டுப் பார்க்கவே இல்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முன், ஒரு மணி நேரம் இடைவெளி விட்டு. ஒரு தடவையில் முடிவு கட்டாதீர்கள், பல தடவை பார்க்க வேண்டும். அளவைக் கூட்டுவதா, தினமும் போடும் டடாலஃபில் 5க்கு மாறுவதா என்பதை டாக்டர் சொல்லட்டும். டடாலஃபிலுக்குச் சாப்பாடு பிரச்சினை இல்லை. நீங்களாகக் கூட்ட வேண்டாம்.

ரேவதி_ஆய்வகம்

ஷாஜகான் பாய் கேட்டதை அந்த கிளினிக்கில் முதல் பத்து நிமிடத்தில் கேட்டிருக்க வேண்டும். செந்தில், யூராலஜிஸ்டைப் பாருங்கள், சர்க்கரை டாக்டரையும் பாருங்கள். காலையில் எடுத்த ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன், கொழுப்பு, இரத்த அழுத்தம், ஈசிஜி. மாத்திரை கைவிட்டால் கணேஷ் சார் சொன்ன ஊசி இருக்கிறது, வாக்யூம் பம்ப் இருக்கிறது, எதுவும் உதவாதவர்களுக்கு உள்ளே பொருத்தும் கருவி இருக்கிறது. ராமநாதன் ஐயாவுக்கும் இதே வரிசைதான். அறுவை செய்த டாக்டரிடம் ஊசியும் பம்பும் இப்போதே தொடங்கலாமா என்று கேளுங்கள் ஐயா.

ராமநாதன்_திருச்சி

பம்ப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவே இல்லையம்மா. கேட்கிறேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஸ்டெம் செல் எண்ணம் இன்னும் போகவில்லை. உயிரோடு இருக்கப்போகும் காலத்தில் காத்திருக்கச் சொல்வது எளிது. ஆய்வாக நடத்தும் இடம் இருந்தால் சேரலாமா?

ரேவதி_ஆய்வகம்

சேரலாம் ஐயா, அதில் தவறே இல்லை. சிடிஆர்ஐ என்று நம் நாட்டு ஆய்வுப் பதிவேடு இணையத்தில் இருக்கிறது, அதில் தேடுங்கள். உண்மையான ஆய்வில் பதிவு எண் இருக்கும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கும், உங்களுக்குச் சலைன் விழவும் வாய்ப்பு உண்டு என்று முன்கூட்டியே சொல்வார்கள், பேக்கேஜ் விலை இருக்காது. பாதிப்பு ஏதாவது வந்தால் யார் சிகிச்சை தருவார்கள் என்று ஒப்புதல் படிவத்தில் எழுதியிருக்கும். ‘ஆய்வு’ என்று சொல்லிக்கொண்டு லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

செந்தில்_ஈரோடு

இன்று அந்த கிளினிக்குக்குப் போன் செய்து கேட்டேன். 85 சதவீதம் எங்கிருந்து வந்தது என்றதற்கு ‘எங்கள் அனுபவம்’ என்றார்கள். பிளேட்லெட் எண்ணிப் பார்ப்பீர்களா என்றதற்கு ‘மெஷின் தானாகவே செய்யும்’ என்றார்கள். பதிவு எண் கேட்டபோது ‘நாங்கள் ஆய்வு செய்யவில்லை சார், சிகிச்சை தருகிறோம்’ என்றார் அந்தப் பெண். பிஆர்பியோடு தினமும் ஒரு மாத்திரையும் பம்பும் தருவோம் என்று வேறு சொன்னார், மாத்திரை பெயர் கேட்டால் டடாலஃபில் 5. முன்பணம் கட்டவில்லை. வெள்ளிக்கிழமை யூராலஜிஸ்டிடம் நேரம் வாங்கியிருக்கிறேன்.

முத்துவேல்

அப்படியானால் மாத்திரைக்கும் பம்புக்கும் கிடைக்கிற பலனை பிஆர்பி கணக்கில் எழுதுகிறார்களா? அதை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் என் அம்மா முழங்காலை நான் கண்ணால் பார்த்தேன், பிஆர்பியே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கதிர்_எலும்பு

வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. 10 மில்லி அளவில், ஒவ்வொரு சிரிஞ்சிலும் பிளேட்லெட்டை எண்ணி, முந்நூறு நானூறு பேரை வைத்து, சலைனோடு ஒப்பிட்டு ஓராண்டு பின்தொடர்ந்து ஓர் ஆய்வு வரட்டும். கிரீஸ் எண்கள் நிற்கும் என்றுதான் என் எண்ணம், மேடம் நிற்காது என்பார்.

ரேவதி_ஆய்வகம்

நிற்காது என்று நான் பந்தயம் கட்டமாட்டேன் டாக்டர், சர்க்கரை முற்றியவர்களுக்கு நிற்குமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். அந்த இரண்டு ஆய்விலும் இருந்தவர்கள் லேசான, நடுத்தரக் கோளாறு உள்ளவர்கள். மாத்திரை முற்றிலும் கைவிட்டவர்களுக்குத்தான் கிளினிக்குகள் இதை அதிகம் விற்கின்றன, அவர்களுக்கு இந்த எண்கள் பொருந்தும் என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை. செந்தில், ஈசிஜி முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள்.